அவளுக்கு டிக், எனக்குக் கேள்விக்குறி

"பெயரும் கையெழுத்தும் தெரிந்த மாணவர்களின் கட்டுரைகளைத்தான் நான் திருத்துகிறேன். எனக்குள் பாரபட்சம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயரை மறைத்துவிட்டால் போதுமா? நீங்கள் உங்களிடம் கண்டதைச் சொல்ல முடியுமா?"

என்னிடம் இருந்தது. அதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு மாணவன் காட்டினான். காடழிப்பின் விளைவுகளைப் பற்றிய கட்டுரை, 20 மதிப்பெண்ணுக்கு. தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அவன் தன் தாளோடு வகுப்பில் நன்றாக எழுதும் ஒரு மாணவியின் தாளையும் வாங்கிக்கொண்டு வந்தான். "சார், மார்க் கேட்டு வரவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறோம். அவளுக்கு டிக் போட்டிருக்கிறீர்கள், எனக்குக் கேள்விக்குறி."

அந்த வரி இதுதான்: "காடு அழிந்தால் வெள்ளம் அதிகமாகும்." அவள் தாளிலும் கிட்டத்தட்ட இதே சொற்கள். அங்கே ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அவன் தாளில் அதே வரிக்குப் பக்கத்தில் "எப்படி? விளக்கம் இல்லை" என்று எழுதியிருந்தேன். இரண்டும் என் கையெழுத்து, ஒரே மாலையில் எழுதியவை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சரி, நீ சொல், எப்படி?" என்று கேட்டேன். மரத்தடியில் சருகும் மட்கும் சேர்ந்த மண் மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும், அது போய்விட்டால் தண்ணீர் நிலத்தின் மேலேயே ஓடிவிடும், ஓடும்போது மண்ணையும் அரித்துக்கொண்டு போய் ஆற்றில் படியவிடும் என்று நின்ற இடத்திலேயே சொன்னான். தாளில் அதை எழுதாதது அவன் தவறு, சரி. அவளும்தான் எழுதவில்லையே?

இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். பாரபட்சம் என்றால் பிடித்தவருக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போடுவது, பிடிக்காதவருக்குக் குறைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் அப்படிச் செய்வதில்லை என்று சத்தியம்கூடச் செய்திருப்பேன், அது உண்மையும்கூட. என் பாரபட்சம் மதிப்பெண் போடும் இடத்தில் இல்லை. அதற்கு முன்னால், படிக்கும் இடத்தில் இருந்தது. நன்றாக எழுதுகிறவள் என்று நான் முடிவு செய்துவிட்ட மாணவி விளக்கச் சங்கிலியில் ஒரு கண்ணியை விட்டுவிட்டால், அதை என் மனமே போட்டு நிரப்பிவிடுகிறது. "இது அவளுக்குத் தெரியாதா என்ன, இடமில்லாமல் விட்டிருப்பாள்" என்று கடந்து போகிறேன். சுமார்தான் என்று நினைத்திருக்கும் மாணவன் அதே கண்ணியை விட்டால், அங்கே ஒரு ஓட்டை தெரிகிறது. இருவருக்கும் நான் நியாயமாகத்தான் மதிப்பெண் போட்டேன். ஆனால் நான் படித்தவை இரண்டு வேறு கட்டுரைகள். ஒன்றில் பாதியை நானே எழுதியிருந்தேன்.

அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், ஓரக்குறிப்புகளைப் பாருங்கள் என்பதுதான். மதிப்பெண்ணில் எல்லாம் கலந்துபோயிருக்கும். கூடுதலாகக் கொடுத்தது எது, உண்மையிலேயே தகுதியானது எது என்று பிரிக்க முடியாது. ஓரக்குறிப்பு அப்படி இல்லை. எந்த வரியில் நின்றோம், எதைக் கேட்டோம், எதைக் கேட்காமல் போனோம் என்பது அங்கே பதிந்திருக்கும். பழைய தாள்கள் கையில் இருந்தால் இன்றே பார்க்கலாம். ஒரே கருத்தை ஒரே அளவு விளக்கத்தோடு எழுதிய இரண்டு பேரைத் தேடி எடுங்கள், இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஒரு வரியை வைத்து என்னை நானே குற்றவாளியாக்கிக்கொள்ள விரும்பவில்லை. அடுத்த கட்டுரைத் தேர்வில் முறையாகச் சோதித்துப் பார்த்தேன். எப்படிச் செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறு செய்வது மிகச் சுலபம்.

தாள்கள் கைக்கு வருமுன்பே வகுப்புப் பட்டியலை எடுத்து, நன்றாக எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்த்த 6 பேரையும், சுமாராக எழுதுவார்கள் என்று எதிர்பார்த்த 6 பேரையும் குறித்து ஒரு உறையில் போட்டு வைத்தேன். தேர்வு முடிந்ததும் வழக்கம்போல், பெயரும் கையெழுத்தும் தெரியும்படி, எல்லாத் தாள்களையும் திருத்தினேன். திருத்துவதற்கு முன்பே அந்த 12 தாள்களின் நகலை ஒரு சக ஆசிரியரிடம் கொடுத்திருந்தேன். அவர் எழுத்துப்பிழை, விட்டுப்போன புள்ளி, பத்தி பிரிக்காமை எல்லாவற்றையும் அப்படியே வைத்துத் தட்டச்சு செய்து, பெயருக்குப் பதில் ஒரு எண்ணைப் போட்டு, வரிசையைக் கலைத்து, ஆறு வாரம் கழித்து என்னிடம் கொடுத்தார். அவர் செய்த உதவி சாதாரணமானது இல்லை. பிழையைத் திருத்தாமல் தட்டச்சு செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நன்றாக எழுதுவார்கள் என்று நினைத்த 6 பேருக்கும் முதல் முறை நான் போட்டிருந்தது மொத்தம் 93, சராசரி 15.5. தட்டச்சுப் பிரதியில் அதே கட்டுரைகளுக்கு மொத்தம் 85 வந்தது. சுமார் என்று நினைத்த 6 பேருக்கு முதல் முறை மொத்தம் 60, சராசரி 10. இரண்டாம் முறை 68. இரு குழுவுக்கும் நடுவே முதலில் ஐந்தரை மதிப்பெண் இடைவெளி இருந்தது. பெயரும் கையெழுத்தும் போனதும் அது மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ஓரக்குறிப்புகளையும் எண்ணினேன். "எப்படி?", "ஏன்?", "விளக்கவும்" போன்றவை முதல் முறை நல்ல குழுவின் தாள்களில் 4, சுமார் குழுவின் தாள்களில் 19. இரண்டாம் முறை 11, 13. அந்த 4-ஐயும் 19-ஐயும் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது. நல்ல மாணவர்கள் என்று நான் நினைத்தவர்களிடம் நான் கேள்வி கேட்பதையே கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தேன்.

இதைப் பாரபட்சம் என்று சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே தாளை இரண்டு முறை திருத்தினால் மதிப்பெண் மாறத்தான் செய்யும். களைப்பு, அவசரம், முன்னால் படித்த தாள் எப்படி இருந்தது என்பது, இவையெல்லாம் சேர்ந்து ஆட்டும். ஆள் மாறினால் கேட்கவே வேண்டாம். டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் 1912-இல் ஒரே ஆங்கில விடைத்தாளின் நகல்களைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 30-க்கும் மேற்பட்ட மதிப்பெண் வித்தியாசம் வந்தது. அந்த மாணவர் யாரென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே வித்தியாசம் வந்தாலே பாரபட்சம் என்று சொல்லிவிட முடியாது. அது தடுமாற்றமாகவும் இருக்கலாம். தடுமாற்றம் என்றால் ஒருவருக்குக் கூடும், இன்னொருவருக்குக் குறையும், அதில் ஒரு திசை இருக்காது. என் 12 தாள்களில் திசை இருந்தது. நல்ல குழுவில் ஒருவருக்கும் கூடவில்லை: 5 பேருக்குக் குறைந்தது, ஒருவருக்கு மாறவில்லை. சுமார் குழுவில் ஒருவருக்கும் குறையவில்லை: 4 பேருக்குக் கூடியது, இருவருக்கு மாறவில்லை.

குழுக்களைத் தாள் பார்க்குமுன்பே எழுதி வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் முறை அதிக மதிப்பெண் வாங்கியவர்களை ஒரு குழுவாகவும் குறைவாக வாங்கியவர்களை இன்னொரு குழுவாகவும் பின்னால் பிரித்திருந்தால், பாரபட்சமே இல்லாவிட்டாலும் இரண்டாம் முறை இடைவெளி சுருங்கும். உச்சத்தில் இருப்பவர்களில் சிலர் அன்றைய தடுமாற்றத்தால் மேலே போனவர்கள், அடியில் இருப்பவர்களில் சிலர் அதனால் கீழே போனவர்கள். மறுபடி அளந்தால் இருவரும் நடுவை நோக்கி வருவார்கள். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

அப்புறம், இதன் வரம்புகள். 12 தாள் மிகக் குறைவு. பெயரையும் கையெழுத்தையும் ஒன்றாக எடுத்துவிட்டதால், என்னை இழுத்தது எது என்று சொல்ல முடியாது. தட்டச்சில் எழுத்துப்பிழை பளிச்சென்று தெரியும், அழகான கையெழுத்து அதை மறைத்துவிடும். நல்ல குழுவுக்குக் குறைந்ததில் ஒரு பங்கு அதனாலும் இருக்கலாம். ஆனால் தட்டச்சு பிழையை எடுத்துக்காட்டும் என்றால் சுமார் குழுவுக்கும் குறைந்திருக்க வேண்டும், அங்கே கூடியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெயர் போன பிறகும் கிட்டத்தட்ட மூன்று மதிப்பெண் இடைவெளி நின்றது. நல்ல குழு உண்மையிலேயே நன்றாகத்தான் எழுதியிருந்தது. என் எதிர்பார்ப்பு பொய் இல்லை. அதை நான் ஊதிப் பெரிதாக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

"உங்களிடம் மதிப்பீட்டு அட்டவணை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது. கருத்து 8, அமைப்பு 6, மொழி 6. அட்டவணை என்னைக் காப்பாற்றும் என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது ஒரு வினோதம். கருத்தில் 7 வாங்கியவர் அமைப்பில் 5, மொழியில் 5. கருத்தில் 4 என்றால் அமைப்பில் 3, மொழியில் 3. ஏறத்தாழ எல்லாத் தாளிலும் மூன்று கட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. நல்ல கருத்தைக் குழப்பமாக அடுக்கியவர், வெறுமையான கருத்தை அழகான மொழியில் சொன்னவர் என்று ஒருவர்கூடவா வகுப்பில் இல்லை? இருந்தார்கள், எனக்குத் தெரியும். நடந்தது என்னவென்றால், "இது 16 மார்க் கட்டுரை" என்று முதல் பக்கத்திலேயே முடிவு செய்துவிட்டு, அந்தப் பதினாறை மூன்று கட்டங்களுக்கும் பங்கு போட்டிருக்கிறேன்.

இது பழைய கதை. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் எழுதிய கட்டுரையில், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருந்தவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டதை ஆராய்ந்தார். தனித்தனியாக இருக்க வேண்டிய அந்த மதிப்பீடுகள் அளவுக்கு மீறி ஒன்றோடொன்று ஒத்துப்போயின. ஆளைப் பற்றிய பொதுவான ஓர் அபிப்பிராயம் எல்லாக் கட்டங்களிலும் வழிந்திருந்தது. அதை அவர் ஒளிவட்டம் என்றார். உங்களிடம் அட்டவணை இருந்தால், சென்ற தேர்வின் கட்டங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒன்றாகவே ஏறி இறங்கினால், நீங்களும் மொத்தத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பிரித்திருக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம்.

பெயரை மறைத்தால் போதுமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். மறையுங்கள், நல்லதுதான். ஆனால் சிறிய வகுப்பில் அது பாதிக்குமேல் உதவாது. மூன்று மாதம் பழகிய கையெழுத்துக்குப் பெயர் தேவையில்லை. கையெழுத்தையும் மறைத்தால், சில மாணவர்களுக்கென்று பிடித்த சொல் இருக்கும், அது காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும்விட, யாரென்றே தெரியாத தாளிலும் முதல் பத்தி ஒரு புதிய எதிர்பார்ப்பை உண்டாக்கிவிடும். அடுக்குமொழியில் தொடங்கும் கட்டுரைக்கு நான் மயங்குவேன். யார் எழுதினாலும் மயங்குவேன். அதைப் பெயர் மறைப்பது தொடவே தொடாது.

ஆகவே நான் மாற்றிக்கொண்டது படிக்கும் முறையை. முன்பு ஒரு தாளை எடுத்தால் முடித்து, கூட்டிப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பேன். இப்போது முதல் சுற்றில் எல்லாத் தாளிலும் கருத்தை மட்டும் பார்க்கிறேன். மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல் தனிக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றில் அந்த 7 கண்ணில் பட்டுவிடும், கை தானாக 5 போடும். சுற்று முடிந்ததும் தாள்களைக் கலைக்கிறேன். மிக நல்ல தாளுக்கு அடுத்து வரும் சாதாரணத் தாள் உள்ளதைவிட மோசமாகத் தெரியும், மோசமான தாளுக்கு அடுத்து வந்தால் பளபளக்கும். வரிசையைக் கலைப்பதால் அது மறையாது, ஆனால் எல்லாச் சுற்றிலும் அதே மாணவர் தலையில் விழாது. பிறகு அமைப்பும் மொழியும் இன்னொரு சுற்று. கூட்டல் கடைசியில்தான்.

இதற்கு நேரம் பிடிக்கும். 34 தாளுக்கு முன்பு மூன்று மணி நேரம் ஆகும், இப்போது நான்கரை. எல்லாத் தேர்வுக்கும் என்னால் முடிவதில்லை. பருவத்துக்கு ஒரு கட்டுரைக்காவது விடாமல் செய்கிறேன்.

இன்னும் முக்கியமாக நான் கருதுவது, திருத்தத் தொடங்குமுன் எழுதி வைக்கும் ஒரு சின்னப் பட்டியல். இந்தத் தலைப்பில் எந்தெந்தக் கண்ணி தாளில் கட்டாயம் இருக்க வேண்டும், எதை வாசகர் புரிந்துகொள்ளலாம் என்று முன்பே முடிவு செய்துவிடுவது. காடழிப்புக் கட்டுரை என்றால், "காடு அழிந்தால் வெள்ளம்" என்று மட்டும் இருந்தால் 1, மண் நீரைப் பிடித்துவைப்பதைச் சொன்னால் 2, அரிப்பையும் ஆறு மேடாவதையும் தொடர்புபடுத்தினால் 3. மரம் வெட்டுவதுதான் காடழிப்பு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இதை அளவுக்கு மீறி இறுக்கினால் வேறு ஆபத்து வரும். எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைக்கும் தட்டையான கட்டுரைக்கு நிறைய மதிப்பெண் கிடைக்கும், வாசகரை மதித்துச் சுருக்கமாக எழுதுபவருக்குக் குறையும். இரண்டு முறை எனக்கு அப்படி நடந்தது. அதனால் இப்போது பட்டியலில் இல்லாத ஒன்றை யாருக்காவது நானே நிரப்பிக்கொண்டு படித்தால், அதைத் தனிக் காகிதத்தில் குறித்துக்கொள்கிறேன். அதே இடைவெளி அடுத்தவர் தாளில் வரும்போது அங்கேயும் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கம் சாய்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனை முடிந்த பருவத்தில், பிராயச்சித்தம் போல, சுமார் குழுவின் தாள்களில் ஓட்டை தெரிந்தாலும் கேள்வி கேட்காமல் கடந்தேன். "பாவம், முயற்சி செய்திருக்கிறான்." சக ஆசிரியர் ஒருவர் ஐந்து தாள்களைத் தனியாகத் திருத்திப் பார்த்தபோதுதான் அது வெளியே வந்தது. பச்சாதாபமும் மாணவனின் முகத்தைப் பார்த்துத் திருத்துவதுதான். அவன் எழுதியதை அப்போதும் நான் படிக்கவில்லை.

முதலில் வந்த மாணவனுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அவன் தாளையும் அவள் தாளையும் பட்டியல் போட்டு மறுபடி படித்தேன். அவனுக்கு 11 இருந்தது 12 ஆனது. அவளுக்குப் போட்டதைக் குறைக்கவில்லை. நான் போட்ட டிக்குக்கு அவள் பொறுப்பில்லை. ஆனால் அந்த டிக்குக்குப் பக்கத்தில் "எப்படி?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் அடுத்த இடைவேளையில் வந்தாள். தாளைக் காட்டி, "சார், இதற்கு என்ன எழுத வேண்டும்?" என்றாள். காடு போனால் வெள்ளம் ஏன் வரும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியவில்லை சார். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன், டிக் போட்டுவிடுவீர்கள்" என்றாள். இரண்டு வருடமாக அவள் கட்டுரைகளைத் திருத்துகிறேன். உட்காரச் சொல்லி, அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கினோம்.